துறைத் தலைவர் விட்டுச்செல்லும் குறிப்புக்கு என்ன பெயர்?

கேட்டவர் (மொழிபெயர்ப்பாளர்):
குழுவினருக்கு வணக்கம். பதவி விலகும் துறைத் தலைவர், முடியாமல் நிற்கும் மாணவர் விவகாரங்களையும் கெடு நாட்களையும் யாரை அணுக வேண்டும் என்பதையும் அடுத்து வருபவருக்கு எழுதிக்கொடுக்கும் குறிப்பைக் 'கைமாற்றுக் குறிப்பு' எனலாமா?

அலுவலகக் கண்காணிப்பாளர்:
கைமாற்று என்றதும் திருப்பித் தர வேண்டிய சில்லறைக் கடன்தான் நினைவுக்கு வரும். 'பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்' என்பது வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பேராசிரியர், முன்னாள் துறைத் தலைவர்:
ஐயா கூறும் பட்டியல் சாவி, முத்திரை, கோப்பு ஆகியவற்றை எண்ணி இருவரும் கையொப்பமிடுவது. வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு அதில் ஏறாது. நான் பொறுப்பேற்றபோது கிடைத்த குறிப்பில் 'ஒரு மாணவி, மருத்துவ விடுப்பு, நிலுவை' என்று ஒற்றை வரி இருந்தது. அவர் 22ஆம் தேதி செய்முறைத் தேர்வு எழுதலாம் என்று முந்தைய தலைவர் இசைந்திருந்தார். மதிப்பெண் பதிவு 18ஆம் தேதி வெள்ளிக்கிழமையே முடிகிறது என்பதும், அதை நீட்டிக்க ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே, அதாவது 11ஆம் தேதிக்குள், தேர்வுப் பிரிவுக்குக் கடிதம் போக வேண்டும் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. அவர் பெயருக்கு நேரே 'வராதவர்' என்று பதிவான பிறகே எனக்கு விவரம் தெரிந்தது.

அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: '11ஆம் தேதிக்குள் நீட்டிப்புக் கடிதம் அனுப்புக, 22ஆம் தேதிக்கு வாய்மொழியாக இசைந்துள்ளேன், எழுத்தில் தரவில்லை, சான்று இந்த எண்ணுள்ள கோப்பில் உள்ளது.' நோயின் பெயரைக் குறிப்பில் எழுதக் கூடாது. அது பலர் கைக்குப் போகும் தாள். ஆகவே 'தொடர்வினைக் குறிப்பு' என்றும், நாம் செயல்பட வேண்டிய 11ஆம் தேதியை 'வினைநாள்' என்றும், கதவு மூடும் 18ஆம் தேதியைக் 'கெடு நாள்' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

விரிவுரையாளர்:
விடுப்பு விண்ணப்பத்துக்குச் சொல் தேடுகிறீர்களா? நான் மகப்பேறு விடுப்பில் சென்றபோது தொடர்புக்கு 'தேர்வுப் பிரிவு' என்று மட்டும் எழுதிவைத்தேன்; எனக்குப் பதிலாக வந்தவர் யாரும் எடுக்காத தொலைபேசியை இரண்டு நாள் அழைத்துக்கொண்டிருந்தாராம். கோப்பைப் பார்க்கும் எழுத்தர் யார், அவர் இல்லாதபோது யார் என்று எழுதியிருக்க வேண்டும்.

கேட்டவர்:
விண்ணப்பத்துக்கு அல்ல, அம்மா. ஆனால் நீங்கள் சொன்னது குறிப்புக்கும் பொருந்துகிறது. 'வினைநாள்' எனக்கு உடன்பாடே. 'தொடர்வினை'தான் இடிக்கிறது, வேதியியலார் சங்கிலிபோல் ஒன்றையடுத்து ஒன்றாக நிகழும் வினைக்கு அதைக் கையாள்கிறார்கள்.

பேராசிரியர்:
துறை வேதியியலாக இருந்தால் குழப்பம்தான்! 'பொறுப்புத் தொடர்ச்சிக் குறிப்பு' சற்று நீளம். அதைவிடக் குறுகியது இருந்தால் கூறுங்கள்.

கண்காணிப்பாளர்:
பட்டியலின் பின்னிணைப்பாக வைத்தால் என் சொல்லே போதும் என்றுதான் இன்னமும் கருதுகிறேன்.