பெயருக்குப் பக்கத்தில போடுற வாசிப்புக் குறிப்புக்கு ஒரு சொல் வேணும்

தர்ஷினி:
வணக்கம். கொழும்புக் கோட்டையில இருக்கிற மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றி ஒரு விவரணப் படத்துக்கு பின்னணிக் குரல் ஸ்கிரிப்ட் எழுதுறன். இங்கிலீஷ் பெயர் வாற இடமெல்லாம் அதை எப்பிடி வாசிக்கிறதெண்டு பக்கத்தில தமிழ் எழுத்தில போட்டு, மேல 'ஒலிக்குறிப்பு' எண்டு தலைப்புப் போட்டிருந்தன். வாசிக்க வந்த தம்பி அதை மணிச்சத்தம், மியூசிக் போடுற இடமெண்டு நினைச்சு, எடிட்டருக்கான விஷயமெண்டு பாக்காமலே தாண்டிப் போயிட்டார். நான் விளங்கப்படுத்தினாப் பிறகும் பிழைச்சுது, மணிக்கூடு செய்த Dent கம்பனிக்கு 'டென்ட்' எண்டு போட்டிருந்தன், அவர் கூடாரத்தைச் சொல்ற மாதிரியே வாசிச்சிட்டார். லண்டன் பிக் பென்னுக்கு மணிக்கூடு செய்த கம்பனி அது, பிழையாப் போகவிட ஏலாது. முதல்ல இந்தக் குறிப்புக்கு ஒரு நல்ல சொல் சொல்லுங்கோ.

கார்த்திக்:
'ஒலிபெயர்ப்பு' எண்டு ஏற்கனவே இருக்குதே அக்கா, புதுசா ஏன்? இங்கிலீஷ் சத்தத்தை தமிழ் எழுத்தில எழுதுறது எல்லாமே அதுதான்.

பாலா:
தம்பி சொல்றதில பாதி சரி. ஒலிபெயர்ப்பு பத்திரிகையில அச்சாகிறது, கண்ணுக்கானது, வடிவா இருக்கோணும், எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இருக்கோணும். இது அச்சில வராது, ஒரு ஆள் ஒருக்கா வாயால சொல்றதுக்கு மட்டும், வடிவில்லாட்டிலும் பரவாயில்ல. நான் றேடியோவில செய்தி வாசிச்ச காலத்தில பென்சிலால மேல எழுதிவைப்பம், பெயரொண்டும் வைக்கேல்ல. 'வாயெழுத்து' எண்டு சொல்லலாமோ எண்டு யோசிக்கிறன்.

தங்கச்சி, உங்கட Dent பிரச்சினை எங்கட பழைய எழுத்து வழக்கத்தில வராது. நாங்கள் T சத்தத்துக்கு ர, ற போடுவம், D சத்தத்துக்கு ட. அதாலதான் ரொறன்ரோ, ரீவி எண்டெல்லாம் எழுதுறது. அப்பிடிப் பாத்தா கூடாரம் 'ரென்ற்', உங்கட கம்பனி 'டென்ற்'. சென்னைப் பக்கம் ரெண்டுக்கும் டென்ட் தான்.

தர்ஷினி:
அண்ணை, அதைத்தான் நேற்று செய்து பாத்தன். வாசிக்கிற தம்பி சென்னைச் சனல் பாத்து வளந்த பிள்ளை, 'டென்ற்' எண்டதை கடைசியில ஒரு ர் வாற மாதிரி வாசிச்சார். பிறகு எழுத்தை விட்டிட்டு 'டொக்டர் எண்டேக்க முதல்ல வாற ட' எண்டு எழுதினன், உடனே சரி. ஆனா கோபுரம் இருக்கிற Chatham வீதி இன்னும் மாட்டிக்கொண்டு நிக்குது.

```
Chatham [சற்-றம்] வீதி
```

இப்பிடிப் போட்டன். ச வை ஸ மாதிரி தொடங்கினார், நடுவில கோடு போட்டதால 'சர், றம்' எண்டு ரெண்டு ர கேட்டுது. ரெக்கோர்டிங்கைத் திருப்பிக் கேக்கேக்கதான் விளங்கினது.

பாலா:
ற்ற சேர்ந்திருந்தாத்தான் அந்த T சத்தம் வரும், நடுவில வெட்டினா ர ஆயிடும். அசை பிரிக்கிறதெண்டா 'ச்ச-ற்றம்' எண்டு பிரியுங்கோ. முன்னுக்கு ச்ச போட்டா ஸ வராது, பச்சையில வாற ச்ச எண்டு சொல்லிக்குடுங்கோ. அதுக்குப் பிறகு வாற உயிர் பாங்க் எண்டேக்க வாற மாதிரி, அது தமிழ் எழுத்தில இல்ல, ஒத்த சொல்லைத்தான் காட்டலாம். முதல் அசையில அழுத்தம், கடைசி 'றம்' ஐ 'றாம்' எண்டு இழுக்கக் கூடாது. th ஐப் பாத்து த போட்டிடாதேங்கோ, அது t உம் ham உம் சேர்ந்த பெயர்.

நிஸ்ரின்:
என்ட மகள்ட பேர் ஸஹ்ரா. பரிசளிப்புல மைக்ல 'சகரா' எண்டு கூப்பிட்டாங்க, புள்ள எழும்பவே இல்ல. ஸ போட்டாலும் அந்த z வராதே, அதுக்கு என்ன எழுத்து?

பாலா:
எழுத்தில்ல தங்கச்சி. ஸ போட்டு, பக்கத்தில 'தேனீ இரையிற சத்தம்' எண்டு எழுதிக்குடுங்கோ, அறிவிக்கிற ஆளை மேடைக்கு முதல் ஒருக்கா சொல்லிப்பாக்கச் சொல்லுங்கோ.

கார்த்திக்:
சரி, ஒலிபெயர்ப்பு இல்லத்தான். ஆனா 'வாயெழுத்து' எண்டா எனக்கு வாய்ச்சண்டை மாதிரிக் கேக்குது, 'உச்சரிப்பெழுத்து' எண்டு வைப்பமே. அதோட இப்ப பாத்தா பாதி எழுத்தே இல்ல, ஒத்த சொல்லுத்தானே காட்டுறம், அப்ப 'எழுத்து' எண்டதே பொருந்துமோ?

தர்ஷினி:
அது நியாயம். 'உச்சரிப்புக் காட்டி' எப்பிடி? எழுத்தும் அடங்கும், டொக்டர், பாங்க் மாதிரி ஒத்த சொல்லும் அடங்கும், வாசிக்கிறவர் அதை மியூசிக் எண்டும் நினைக்க மாட்டார். நாளைக்கு ஸ்கிரிப்டில அந்தத் தலைப்பைப் போட்டுப் பாக்கிறன்.

இன்னொண்டு. என்ர அம்மா அந்த வீதியை சத்தாம் வீதி எண்டுதான் சொல்லுவா, கேக்கிற சனத்துக்கும் அதுதான் பழக்கம். அதே பெயருள்ள இங்கிலாந்து ஊரைச் சொல்லேக்க ச்சற்றம், எங்கட வீதியைச் சொல்லேக்க சத்தாம் எண்டு ரெண்டு காட்டி போடலாமோ?

பாலா:
வீதிக்கு அம்மா சொல்றதைப் போடுங்கோ. ஆனா ஒரே படத்தில ரெண்டும் வந்தா வாசிக்கிறவர் குழம்புவார், அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல.