கர்ப்பத்தில் வேகவைத்த பப்பாளிக்காய்: காய்ப்பாலின் வீரியம் போய்விடுமா?

எனக்கு இது 10-வது வாரம். நேற்று மதியம் சாப்பிட்டதில் பப்பாளிக்காய் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தோல் சீவி நன்றாக வேகவைத்தது, ஒரு கைப்பிடி இருக்கும். இதுவரை வயிற்று வலியோ ரத்தக்கசிவோ இல்லை.

மருத்துவரிடம் கேட்டேன். நன்றாகப் பழுத்ததில் பால் மிகக் குறைவு, பயமில்லை. காயையும் செங்காயையும் தவிருங்கள், வலியோ கசிவோ வந்தால் உடனே வாருங்கள் என்றார்.

அப்புறம் 2002-இல் வெளிவந்த எலி ஆய்வைப் படித்தேன். பழச்சாறு கருப்பைத் தசையைச் சுருக்கவில்லை; காய்ப்பால் ஆக்சிடோசின் போலவே சுருக்கியது. ஆனால் அது வேகாத பால், பிரித்தெடுத்த தசையில் நேரடியாக விட்டது. பாலில் உள்ள பாப்பெய்ன் நொதி சூட்டை ஓரளவு தாங்கும் என்பதுதான் உறுத்துகிறது.

நன்றாக வெந்த காயிலும் கருப்பையைச் சுருக்கும் அந்தத் தன்மை மிஞ்சுமா? மகப்பேறு மருத்துவமோ உணவியலோ அறிந்தவர்கள் சொல்லுங்கள்.