சொந்த சாதியில் பெண் பார்ப்பதும் சாதி காப்பதும் ஒன்றா?

வைகைக்கரை:
நான் சாதி பார்க்கிற ஆள் இல்லை. யார் வீட்டிலும் சாப்பிடுவேன், அறைத் தோழன்கூட வேறு சாதிதான். இப்போது வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள், நம்ம ஆளுங்களில். இதைச் சொன்னதும் கூட வேலை பார்ப்பவர், "அப்போ நீயும் சாதியைக் காப்பாத்துறவன்தான்" என்றுவிட்டார். கல்யாணம் அவரவர் விருப்பம். இதில் சாதி காப்பது எங்கிருந்து வந்தது?

நேர்கோடு:
அவர் சொன்னது அநியாயம். நீங்கள் யாரையும் அவமதிக்கவில்லை, யார் வழியையும் மறிக்கவில்லை. ஒரே சாப்பாட்டு முறை, ஒரே சடங்கு, ஒரே குலதெய்வம் என்று இருந்தால் வந்த பெண்ணுக்கும் சிரமம் இருக்காது. பெரியவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

பழைய சிலேட்டு:
ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி முறை ஐயா. அங்கே பெண் எடுக்கவே மாட்டார்கள். நீங்கள் சொன்ன காரணம் அங்கேயே அடிபடுகிறது. பார்க்கப்போனால் நம்மிடம் இரண்டு வேலி உண்டு. உள்வேலி, பங்காளிக்குள் கட்டாதே என்கிறது. வெளிவேலி, சாதிக்கு வெளியே கட்டாதே என்கிறது.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. உள்வேலி இங்கே பழங்காலம் முதல் இருப்பது, அதன் மேல் வெளிவேலியைக் கொண்டுவந்து ஏற்றியபோதுதான் சாதி உண்டானது என்பது அவர் வாதம். சாதி என்று ஒன்று முதலில் இருந்து, அதன் பல வழக்கங்களில் ஒன்றாக இந்த வெளிவேலி, அதாவது சாதிக்குள்ளேயே கட்டும் அகமணம், வந்ததாக அவர் நினைக்கவில்லை. அகமணம்தான் சாதியையே செய்கிறது என்கிறார்.

அந்த வேலி தானாக நிற்காது. கதவை மூடிய கூட்டத்தில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். புருஷன் செத்தால் ஒரு பெண் மிச்சம். அவள் வெளியே ஒருவனைக் கட்டினால் வேலி உடையும். உள்ளேயே மறுமணம் செய்தால் கன்னிப்பெண் ஒருத்திக்கு மாப்பிள்ளை குறையும். அதனால் சிதையில் ஏற்றினார்கள், அல்லது மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்தார்கள். பெண்டாட்டி செத்த ஆணுக்கு இந்தத் தண்டனை இல்லை. அவனுக்குக் கல்யாண வயதே வராத சிறுமியைப் பிடித்துக் கட்டினார்கள். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் மூன்றையும் அவர் இந்த ஒரே கணக்கில் வைத்து விளக்குகிறார். படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது.

நேர்கோடு:
நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டுரை. இன்று விதவைக்கு யார் மொட்டை அடிக்கிறார்கள்? எங்கள் தாத்தா காலத்தில் உட்பிரிவு விட்டு உட்பிரிவில் கொடுக்க மாட்டார்கள். இன்று அதெல்லாம் யாரும் கேட்பதில்லை. இப்படியே தானாகக் கரையும். நீங்கள்தான் நெருப்பை ஊதுகிறீர்கள்.

பழைய சிலேட்டு:
உட்பிரிவு மறைவது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "உட்பிரிவு தடையில்லை" என்று இருக்கும். இன்னும் தாராளமானவர் "சாதி தடையில்லை" என்று போட்டு, அடுத்த வார்த்தையிலேயே "எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக" என்பார். வேலியைத் தள்ளி நட்டிருக்கிறார்கள், பிடுங்கவில்லை. 2011-12இல் நாடு முழுக்க எடுத்த மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில் சாதி மாறிக் கட்டியவர்கள் சுமார் 5 சதவீதம்தான். தானாகக் கரைகிறது என்றால் எப்போது கரைந்து முடியும்?

மல்லிப்பந்தல்:
என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நாங்கள் இருவரும் இந்து, வேறு வேறு சாதி. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதுதான் முறை என்று தோழி சொல்ல, அப்படியே விண்ணப்பித்தோம். அந்தச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். எங்கள் பேர், வயசு, விலாசம் எல்லாம் பலகையில். நிலப் பத்திரம் பதிய வந்த ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டு, அன்று சாயங்காலமே சித்தப்பாவுக்குப் போன் போய்விட்டது. சாதி வேறு என்பது சட்டப்படி ஆட்சேபணையே ஆகாது. ஏற்கெனவே மணமானவரா, வயது குறைவா, விலக்கப்பட்ட உறவா, மனநிலை சரியில்லையா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் வீட்டில் பூட்டிவைக்க 30 நாள் தாராளமாகப் போதும்.

பிறகு ஒரு வக்கீல் அக்கா சொல்லித்தான் தெரிந்தது, இருவரும் இந்து என்றால் இந்தச் சட்டமே தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு இருக்கிறது. புரோகிதர் வேண்டாம். உறவினரோ நண்பர்களோ முன்னால் மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், அதுவே திருமணம். முன்னறிவிப்பு கிடையாது. வக்கீல் அறையில் நடந்தால் செல்லாது என்று உயர்நீதிமன்றம் 2014இல் சொன்னதை உச்சநீதிமன்றம் 2023இல் மாற்றிவிட்டது. வேறு மதம் என்றால்தான் அந்த 30 நாளைத் தாண்டியாக வேண்டும்.

சின்னமனூரான்:
கலப்பு மணத்துக்கு அரசு பணமும் தாலிக்குத் தங்கமும் தருதே, அதைப் பற்றித்தானே பேசுறீங்க? நாங்க ரெண்டு பேருமே பி.சி., வேற வேற சாதி. எங்களுக்குக் கிடைக்குமா?

மல்லிப்பந்தல்:
கிடைக்காதுங்க. ஒருத்தர் எஸ்.சி. அல்லது எஸ்.டி.யா இருக்கணும். இல்லைன்னா ஒருத்தர் முற்பட்ட வகுப்பு, இன்னொருத்தர் பி.சி. அல்லது எம்.பி.சி.யா இருக்கணும். பி.சி.க்குள்ள சாதி மாறிக் கட்டினா அந்தத் திட்டத்துல வராது.

வைகைக்கரை:
எல்லாம் சரி. ஆனால் கட்டுப்பாடு என்கிறீர்கள், கொலை வரை போவது வேறு கும்பல் அல்லவா? எங்கள் வீட்டில் கத்தி எடுக்கிறவர் யாரும் இல்லை.

பழைய சிலேட்டு:
கொலைகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள், தீர்ப்பு வந்தது 2021இல். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டினார்கள். இரண்டிலும் பையன் தலித், பெண் ஆதிக்க சாதி. தங்கள் வீட்டுப் பெண் வேலி தாண்டினால்தான் வெறி உச்சிக்கு ஏறுகிறது. அவள் பெறுகிற பிள்ளை எந்தப் பக்கத்து வாரிசு என்பதில்தான் அந்த வேலி நிற்கிறது. 1916 கணக்கில் எந்தப் பெண் கட்டுப்படுத்தப்பட்டாளோ அவளேதான் இவளும்.

நேர்கோடு:
2023இல் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு தகப்பன் சொந்த மகனையும், தடுக்கப்போன தன்னைப் பெற்ற தாயையும் வெட்டிக் கொன்றானே. அங்கே மகன் கட்டியது தலித் பெண்ணை. உங்கள் கணக்கு அங்கே உதைக்கிறதே?

பழைய சிலேட்டு:
உதைக்கத்தான் செய்கிறது. மருமகளாக வந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை இனி செல்லாது. பெண்ணைக் காவல் காப்பது மட்டுமே காரணம் என்று நான் வாதாட மாட்டேன். நிலமும் வீடும் யார் பிள்ளைக்குப் போகும் என்ற பயமும், ஊரில் தலை காட்ட முடியாது என்ற பயமும் சேர்ந்திருக்கலாம்.

வைகைக்கரை, உங்களைக் கொலைகாரர் பக்கத்தில் நிறுத்தவில்லை. பெண் பார்க்கும் பட்டியல் தயாராகும்போது எந்த ஜாதகம் உங்கள் கைக்கு வரவே வராது என்பதை முடிவுசெய்தது யார்? நீங்கள் விருப்பம் என்று சொல்வது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

வைகைக்கரை:
பட்டியல் அம்மாவும் தரகரும் போட்டது, நான் கேட்கவே இல்லை. ஆனாலும் அம்மா மனசு நோகாமல் இருப்பதற்கு மதிப்பே இல்லை என்று நான் ஏற்க மாட்டேன்.

மல்லிப்பந்தல்:
என் அம்மாவுக்கும் நொந்தது. பேத்தி பிறந்தபிறகு வந்தார், சித்தப்பா இன்னும் வரவில்லை. அம்மாவிடம் பட்டியலைப் பற்றி ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள் தம்பி, பதிலை வைத்து மிச்சத்தைப் பேசலாம்.