போனில் பாட்டு கேட்கிறது, அப்பா பேச்சு மட்டும் காணோம்

பூம்பாறைக்காரன்:
மலைப்பூண்டு நடுவது பற்றி அப்பா பேசும் எட்டு நிமிட வீடியோ. ஹெட்போன் மாட்டித்தான் எடிட் செய்தேன், பேச்சு நன்றாகவே இருந்தது. போடுவதற்கு முன் அத்தையின் பழைய போனில் ஓட்டிப் பார்த்தால் பின்னணி இசை மட்டும் வருகிறது, அப்பா சும்மா வாயசைக்கிறார். மைக் எங்கள் ஊர் மைக் செட்டுக்காரரிடம் வாங்கியது, மூன்று முள் ஒயருக்கு ஒரு மாற்று ஒயர் போட்டு கேமராவில் செருகினேன். என்ன கோளாறு?

வட்டக்கானல்:
இசை அதிகம். பாதியாகக் குறை, பேச்சு மேலே வந்துவிடும்.

பூம்பாறைக்காரன்:
இசையை முழுக்க எடுத்தும் பார்த்தேன் அண்ணா. எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவது போல ஒரு கீச்சுக் குரல், அவ்வளவுதான்.

கோத்தகிரி அக்கா:
எனக்கும் போனில்தான் மாட்டியது! சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன், கீழே போட்ட எழுத்தின் மேலேயே ஆப்பின் தலைப்பு வந்து உட்கார்ந்திருந்தது. எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள்.

ஒலிப்பதிவு ராஜு:
அக்கா சொல்வது வேறு விஷயம். தம்பி, அந்த மைக் ஒயரில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் போகும், ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. உன் மாற்று ஒயர் ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பியிருக்கிறது. ஹெட்போனில் காதுக்கு ஒன்றாகப் போவதால் தெரியாது, ஆனால் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவியது போல இருக்கும், கவனித்துப் பார். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் கூடும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். தனியாகச் சேர்த்த இசைக்கு இந்தக் கதி இல்லை. சந்தேகம் இருந்தால் ஆண்ட்ராய்டு அமைப்பில் `Mono audio` போட்டு ஹெட்போனிலேயே கேள், குரல் மறையும்.

முடிந்த வீடியோவில் கை வைக்காதே, இசையின் வலது பக்கமும் போய்விடும். கேமராவில் எடுத்த மூலத்தில் இடது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எடிட்டில் அதை மாற்றிப் போடு:

```
ffmpeg -i appa.mov -af "pan=mono|c0=c0" -c:v copy appa_mono.mov
```

இசையைக் குறைத்திருந்தால் பழைய அளவுக்கே கொண்டு வா. அப்புறம் அந்த ஒயரைத் தூக்கிப் போடு.

பூம்பாறைக்காரன்:
குரல் வந்துவிட்டது அண்ணா! அத்தை போனில் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் வீட்டு டப்பா ஸ்பீக்கரில் போட்டால் காற்று ‘தும் தும்’ என்று இடிக்கிறது, முன்பு அவ்வளவு இல்லையே?

ஒலிப்பதிவு ராஜு:
முன்பு அந்த ஸ்பீக்கரிலும் இரண்டு பக்கமும் எதிரெதிராக இழுத்துக் கொஞ்சம் அழிந்திருக்கும். போனின் குட்டி ஸ்பீக்கரில் அந்த அடிச்சத்தம் வரவே வராது, அதனால்தான் பெரிய ஸ்பீக்கரிலும் கேட்கச் சொல்வது. `highpass=f=100` சேர்த்துப் பார்.

பூம்பாறைக்காரன்:
போட்டேன். இடி குறைந்தது, அப்பா குரலும் கொஞ்சம் மெலிந்துவிட்டது. 80 வைத்தால் குரல் சரி, காற்று திரும்பவும் எட்டிப் பார்க்கிறது. வேறு வழி யாருக்காவது தெரியுமா?

வட்டக்கானல்:
அதற்குத்தான் இசையைக் கூட்டு.