வத்தக்குழம்பில் உப்பு ஏறிவிட்டால் என்ன செய்தீர்கள்?

கும்பகோணத்துக்காரி:
போன ஞாயிற்றுக்கிழமை சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைத்தேன். புளி கொதித்தபோது பார்த்த உப்பு சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வாயில் வைக்க முடியவில்லை. கடையில் வாங்கிய வத்தலில் அவ்வளவு உப்பு! மோரிலும் உப்பிலும் ஊறிக் காய்ந்தது, கொதிக்கக் கொதிக்க உப்பைக் குழம்பில் இறக்கிவிடும். குழம்பு வேறு சுண்டிக்கொண்டே வரும்.

உடனே அடுப்பை அணைத்து, வத்தலை அரித்து எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லை. ஒரு கிண்ணத்தில் ஒரு கரண்டி குழம்பை எடுத்து, கால் கரண்டி வெந்நீர் சேர்த்து, சோற்றில் பிசைந்து பார்த்தேன். அப்போதும் கரித்தது. அரைக் கரண்டி சேர்த்ததும் சரியாக வந்தது. அப்படியென்றால் சட்டியில் இருக்கும் ஆறு கரண்டிக்கு, உப்பில்லாமல் இன்னும் மூன்று கரண்டி வேண்டும். அதை வெறும் தண்ணீராக ஊற்றினால் புளிப்பும் காரமும் செத்துவிடும். வேறொரு வாணலியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, சாம்பார் பொடி போட்டு வதக்கி, புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகும்வரை உப்பே போடாமல் கொதிக்க வைத்தேன். இரண்டையும் கலந்து ஒரு கொதி, அவ்வளவுதான். வத்தக்குழம்பு மறுநாளும் தாங்கும், அதனால் அளவு கூடியது சிரமமாக இல்லை.

ஹாஸ்டல் தம்பி:
அக்கா, இவ்வளவு வேலை எதற்கு? உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும். எங்கள் அறையில் சாம்பார் கரித்தபோது அப்படித்தான் காப்பாற்றினோம்.

மெஸ் மாமா:
தம்பி, கிழங்கு போட்டதோடு தண்ணீரும் ஊற்றினீர்களா?

ஹாஸ்டல் தம்பி:
ஆமாம் மாமா, கிழங்கு வேகவேண்டுமே. ஒரு டம்ளர் ஊற்றினோம்.

மெஸ் மாமா:
உங்களைக் காப்பாற்றியது அந்த டம்ளர்தான். கிழங்கு உப்பை மட்டும் தனியாகப் பிரித்து இழுக்காது, உப்புத் தண்ணீராகவே குடிக்கும். மிச்சமிருக்கும் குழம்பு அதே கரிப்போடுதான் நிற்கும். கிழங்கை எடுத்துவிட்டு, அது குடித்த அளவுக்குத் தண்ணீர் விட்டால் ஓரளவு குறையும். பருப்பு சாம்பார் என்றால் இன்னும் சுலபம், உப்பில்லாமல் வேகவைத்த துவரம்பருப்பைக் கடைந்து சேர்த்துவிடலாம். இன்னொன்று, கொதிக்கிற குழம்பை நாக்கில் வைத்தால் சூடுதான் தெரியும், உப்பு சரியாகத் தெரியாது. ஆறவிட்டுச் சோற்றோடு பார்க்க வேண்டும், அந்த அக்கா பார்த்த மாதிரி.

செட்டிநாட்டு மருமகள்:
எங்கள் வீட்டில் பிரச்சனை காரம். கோழிக்குழம்பில் புது மிளகாய்த்தூள், பழைய அளவிலேயே போட்டும் நெருப்பாக இருந்தது. தண்ணீர் ஊற்றியதில் குழம்புதான் நீர்த்தது, காரம் அப்படியே நின்றது. மாமியார் வந்து, மேலே மிதந்த சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுக்கச் சொன்னார். பாதிக் காரம் அதோடு போனது. பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர் ஊற்றி, தீயைக் குறைத்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் இறக்கினோம். பசும்பால் ஊற்றலாம் என்று கொழுந்தன் சொன்னான். தக்காளி போட்ட குழம்பு, திரிந்துவிடும் என்று நான் விடவில்லை.

புது வரவு:
எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயிலும் உப்பு அதிகம். அதற்கும் தேங்காய்ப்பால் விடலாமா?

கும்பகோணத்துக்காரி:
ஐயோ, வேண்டாம்மா! கெட்டுப்போகும். உப்புப் போடாமல் எலுமிச்சைச் சாறும் பழத்துண்டுகளும் சேர்த்து ஊறவிடுங்கள். இங்கே அடுப்பில் கொதிக்கிற குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சேலத்து அண்ணன்:
புளிப்பு அதிகமானால் நான் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுவேன். பொங்கி அடங்கியதும் புளிப்பு இறங்கிவிடும்.

மெஸ் மாமா:
இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் கை கொஞ்சம் தவறினாலும் சோப்புத் தண்ணீர் ருசி வந்துவிடும், அதை எடுக்க வழியே இல்லை. சோடாவிலும் சோடியம் இருக்கிறது, கரிப்பு வேறு கூடும். புளிப்புக்கு வெல்லம்தான் என் கை மருந்து. நெல்லிக்காய் அளவு போட்டு, கரைந்த பிறகு பார்த்து, வேண்டுமானால் இன்னும் கொஞ்சம்.

சேலத்து அண்ணன்:
வெல்லம் உப்புக்கும் கேட்குமே மாமா.

மெஸ் மாமா:
லேசாகக் கரித்தால் நாக்குக்கு மறைத்துக் காட்டும். உள்ளே போகிற உப்பு குறையாது. வீட்டில் பிரஷர்காரர் இருந்தால் அளவைக் கூட்டுவதுதான் வழி.

கும்பகோணத்துக்காரி:
எங்கள் மாமனாருக்கும் பிரஷர்தான், அதனால்தான் வெல்லத்தைத் தொடவில்லை. அரிசிமாவு உருண்டை போட்டு எடுப்பார்களே மாமா, அது பலிக்குமா?

மெஸ் மாமா:
உருண்டையும் உருளைக்கிழங்கு மாதிரிதான் என்று நினைக்கிறேன். மாவு கரைந்தால் குழம்பு கெட்டிப்படும்.

செட்டிநாட்டு மருமகள்:
எங்கள் மாமியார் உருண்டைதான் போடுவார், நன்றாகக் குறைகிறது என்பார். அடுத்த முறை ஒரு கரண்டி குழம்பைத் தனியே எடுத்து வைத்து, உருண்டை போட்டதோடு சேர்த்து ருசி பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.