கலைச்சொல்: ‘ஹிஸ்டாரிசிட்டி’ – வரலாற்றுண்மையா, வரலாற்றிருப்பா?

கல்லூரி ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். அகத்தியர் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தவரா என்னும் வினாவைக் குறிக்க ‘வரலாற்றுண்மை’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது மாணவி ஒருத்தி, “அப்படியானால் அகத்தியர் கதை உண்மையென்று முடிவாகிவிட்டதா, அம்மா?” என்று கேட்டாள். வேறு சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மாற்ற வேண்டாம், அம்மா. தொல்காப்பிய வினையியலில் ‘அன்மையின் இன்மையின் உண்மையின் வன்மையின்’ என்னுமிடத்து, உண்மையாவது இன்மைக்கு எதிரான உளதாதலே. பொய்க்கு எதிரானதைச் சொல்ல வாய்மையும் மெய்ம்மையும் இருக்கின்றன. சொல்லின் பழம்பொருளை மாணவருக்குக் கற்பிப்பதே நம் கடமை. தவிர, பரிபாடலே ‘பொதியில் முனிவன்’ என்கிறபோது ஐயம் எதற்கு?

கல்வெட்டு ஆய்வாளர்:
சொற்பொருளில் ஐயா கூறுவது முற்றிலும் சரி. ஆனால் பரிபாடலின் அந்த அடி, வையைப் பாட்டில் கோள்நிலை கூறும் பகுதியில் வருகிறது. அங்கே சுட்டப்படுவது அகத்தியன் என்னும் விண்மீன். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் பாண்டியன் அவையையும் அதங்கோட்டு ஆசானையும் சொல்லியும் அகத்தியரைச் சொல்லவில்லை. அவரை முதற்சங்கத்தில் இருத்துவது மிகப் பிந்திய களவியலுரை. பாயிரத்தின் மௌனத்தால் அவர் இல்லையென்றும் ஆகிவிடாது.

எத்தகைய சான்று போதும் என்பதற்குச் சம்பைக் கல்வெட்டைப் பாருங்கள். திருக்கோவிலூர் அருகே 1981இல் கிடைத்த அந்தத் தமிழ்பிராமி வரியில், ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்றிருக்கிறது. பெயர் புறநானூற்றில் உள்ளது. ஸதியபுதோ என்னும் பட்டம் அசோகரின் பாறைக் கல்வெட்டில் உள்ளது. ஒன்றையொன்று அறியாத இரு சான்றுகள் ஒரே கல்லில் கூடியதால்தான் அஞ்சியை ஐயமின்றி ஏற்கிறோம். நாளை ஒரு பானையோட்டில் ‘அகத்தியன்’ என்று கிடைத்தாலும் போதாது, அப்பெயர் வேறொருவருக்கும் இருந்திருக்கலாம். பெயரோடு ஆசான் அல்லது இலக்கணம் என்ற குறிப்பும், பழமையான எழுத்தமைதியும் சேர்ந்து வர வேண்டும்.

சித்த மருத்துவர்:
எங்கள் வீட்டில் அகத்தியர் பெயரிலேயே வைத்தியச் சுவடி இருக்கிறது. பாட்டனார் நாளும் எடுத்துப் படித்தது, ஓரம் கறுத்துப் பூச்சி அரித்திருக்கிறது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

கல்வெட்டு ஆய்வாளர்:
அதைப் போற்றிக் காத்து வாருங்கள், ஐயா. ஓலை நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளே தாங்கும் என்பதால், அது படிக்குப் படி எடுக்கப்பட்டது. அதன் நடையும் பிற்காலத்தது. அகத்தியர் பெயரில் நூல் எழுதும் மரபு இருந்ததற்கு அது சான்று. அவர் வாழ்ந்ததற்கு அன்று. சொல்லுக்கு ‘வரலாற்றிருப்பு’ என்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இருப்பு என்றால் கடைக்காரர் சரக்கைத்தான் நினைப்பார்.

கல்லூரி ஆசிரியை:
மூவர் தனிமடலில் ‘வரலாற்றிருப்பு’ என்றே எழுதியதால் அதைத் தலைப்பில் இட்டேன். ஐயாவின் வினையியல் விளக்கத்தை அடிக்குறிப்பாகச் சேர்த்துள்ளேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அடிக்குறிப்புக்கு நன்றி, அம்மா. என் கருத்தில் மாற்றமில்லை.