கலைச்சொல் விவாதம்: இன்லைன் புளொக்குக்கு என்ன பெயர் வைப்பது?

கொக்குவில் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர் ஒருவரின் கடைக்கு இணையப்பக்கம் செய்கிறேன். மேலே ஒடியல் மா, பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல் என்று வகைகளுக்கு இணைப்புகள். எல்லாம் பாடிங் தவிர 120 பிக்சல் அகலப் பெட்டிகளாக நிற்கவேண்டும், நிரைகளுக்கு இடையில் கொஞ்சம் வெளி விடவேண்டும் என்று இப்படி எழுதினேன்:

```css
.vakai a {
  width: 120px;
  margin: 10px 4px;
  padding: 12px;
  background: #f3e2b8;
}
```

அகலம் அசையவில்லை. மார்ஜினில் இடம் வலம் 4 வந்தது, மேல் கீழ் 10 வரவில்லை. பாடிங் மட்டும் நிறத்தோடு மேலேறி, மேல் நிரையின் எழுத்தை மூடிவிட்டது. `display: inline-block` சேர்த்தேன், எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஏன் என்று தமிழில் குறிப்பு எழுதப் போய், பெயர்களில் நின்றுவிட்டேன். block தொகுதி, inline உள்வரி, inline-block உள்வரித்தொகுதி. சரிவருமா?

மானிப்பாய் அண்ணை:

தம்பி, உள்வரி என்றால் எனக்கு இறைவரித் திணைக்களத்துக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. தொகுதி என்றால் தேர்தல். இரண்டையும் சேர்த்தால் பயமாக இருக்கிறது.

block முழு அகலத்தையும் பிடிக்கும், ஆகவே அது ‘முழுநிரை’. inline-க்கு மார்ஜினே கிடையாது, எழுத்தோடு ஓடும், ஆகவே ‘வரியோடி’. மூன்றாவதை ‘வரிப்பெட்டி’ என்று விட்டுவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

திருநெல்வேலி அக்கா:

வரியோடி நல்ல சொல். ஆனால் அதற்கு மார்ஜினே இல்லை என்பது பிழை. தம்பியின் 4 பிக்சல் வந்ததுதானே? மேல் கீழ்தான் பலிக்காது.

முழுநிரையும் பொருந்தாது. block-க்கு 200 பிக்சல் அகலம் கொடுத்துப் பாருங்கள். பெட்டி ஒடுங்கும், ஆனால் வலப்பக்கம் மிஞ்சிய இடம் வெறுமையாகவே கிடக்கும், அடுத்தது கீழேதான் போகும். நிரையை நிரப்புவது அதன் குணமல்ல, நிரையைப் பங்குபோடாததுதான் குணம். அதனால் ‘தனிநிரை’ என்பேன்.

இனி, வரியோடிக்கு ஏன் அகலம் இல்லை? ‘யாழ்ப்பாணத்துப் புழுக்கொடியல்’ என்று ஓர் இணைப்பு இருக்கிறது என்று வைப்போம். கைபேசியின் ஒடுங்கிய திரையில் ‘யாழ்ப்பாணத்துப்’ ஒரு வரியின் முடிவிலும், ‘புழுக்கொடியல்’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழும். ஒரே `<a>`, ஆனால் இரண்டு துண்டு. 120 பிக்சல் எந்தத் துண்டுக்கு? கேள்விக்கே பொருளில்லை, அதனால்தான் `width` அங்கே செல்லாது.

மேல்கீழ் மார்ஜினும் இதே குடும்பம். ஒரு பந்தியில் ஒரு சொல்லுக்கு மார்ஜின் கொடுத்ததற்காக அந்த வரி மட்டும் விலகி நின்றால் பந்தி பல்லு விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். ஆகவே வரியின் உயரத்தைக் கணக்கிடும்போது வரியோடியின் `line-height` மட்டுமே எடுபடும், மார்ஜினும் பாடிங்கும் எடுபடாது. ஆனால் பாடிங்குக்கு நிறம் பூசப்படும். தம்பியின் வரி 24 பிக்சல், எழுத்துருவின் பரப்பு 22 என்றால், பாடிங்கோடு நிறம் 46 பிக்சல் உயரத்துக்கு நிற்கும். வரிகளோ 24 பிக்சலுக்கு ஒன்று. 22 பிக்சல் ஒன்றின்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். எழுத்து மூடப்பட்ட கதை இதுதான்.

சுன்னாகம்:

மன்னிக்கவேணும், எனக்கு இது விளங்கவில்லை. `<img>` உம் inline தானே? எங்கள் வாசிகசாலைப் பக்கத்தில் படங்களுக்கு `width` கொடுத்தால் கேட்கிறது, மேல்கீழ் மார்ஜினும் வருகிறது. அப்படியானால் மேலே எழுதியது பிழையா?

திருநெல்வேலி அக்கா:

பிழையில்லை, நான் சொல்லாமல் விட்டது. படத்தை இரண்டு வரிக்குப் பிரிக்க முடியாது, அதற்கென்று சொந்த அளவும் உண்டு. பிரியாதது என்பதால் அகலம் கேட்பதற்குப் பொருள் வருகிறது. inline-block-உம் அப்படித்தான். உள்ளே இருப்பது எழுத்தாக இருந்தாலும் வெளியிலுள்ள வரி அதை ஒரே எழுத்துப்போலத் தூக்கி வைக்கும்.

நல்லூர் ஐயா:

பிள்ளைகள், எனக்கு உங்கள் கோட் தெரியாது. நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன். ஆனால் நீங்கள் சொல்வதை நான் கையால் செய்திருக்கிறேன். ஈய எழுத்துகளுக்கு நடுவே படத்துக்கு ஒரு புளொக் வைப்போம். அதை வெட்டிப் பாதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோக ஏலாது. புளொக் உயரமென்றால் அந்த வரி முழுவதையும் அதன் உயரத்துக்குக் கட்டை வைத்து நிரப்பவேண்டும். இல்லாவிட்டால் சட்டத்துக்குள் இறுகாது, தூக்கும்போது எழுத்து கொட்டும். ஒருமுறை கலியாண அழைப்பிதழில் மாப்பிள்ளை வீட்டார் பெயர் அப்படித்தான் கொட்டியது.

எங்களுக்கு அது வெறும் ‘புளொக்’. வேறு பெயர் தேடியதில்லை.

திருநெல்வேலி அக்கா:

ஐயா, நான் ஒரு பக்கத்தில் எழுதியதை நீங்கள் ஒரு புளொக்கில் சொல்லிவிட்டீர்கள். பெட்டியின் மார்ஜினும் சேர்ந்து வரியின் உயரத்தைத் தள்ளுவது அந்தக் கட்டை வேலையேதான்.

ஆனால் அங்கேயும் ஒரு வித்தியாசம். தம்பி, அதே 10 பிக்சலை வைத்து இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள். `display: block` கொடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் இடைவெளி 10, ஏனென்றால் தொட்டுக்கொள்ளும் மேல்கீழ் மார்ஜின்கள் ஒன்றாகிப் பெரியது மட்டும் நிற்கும். `inline-block` இரண்டு நிரையாக விழுந்தால் இடைவெளி 20. அவை ஒவ்வொன்றும் தன் வரிக்குள்ளே மார்ஜினோடு அடைபட்டிருப்பதால் ஒன்றாவதில்லை.

அண்ணையின் ‘வரிப்பெட்டி’யில்தான் எனக்குச் சிக்கல். CSS விவரக்குறிப்பில் line box என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் சுற்றி உலாவி போடுகிற கண்ணுக்குத் தெரியாத பெட்டி அது, வரிப்பெட்டி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். அதற்குள் போய் அமர்கிறதை ‘வரியமர் பெட்டி’ என்போமா?

மானிப்பாய் அண்ணை:

மார்ஜின் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். வரிப்பெட்டியையும் விட்டுத் தருகிறேன். ஆனால் வரியமர் பெட்டியை ஆர் வாயால் சொல்லுவார்கள்? வகுப்பில் ஒரு பெடியன் ‘இன்லைன் புளொக்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவான். ‘வரிக்கல்’ என்றால் என்ன? வரிசையில் வைத்த சீமெந்துக் கல்லு மாதிரி.

திருநெல்வேலி அக்கா:

வரிக்கல் சொல்ல வசதிதான். ஆனால் இப்போது `display`-ஐ இரண்டு சொல்லாகவும் எழுதலாம். `inline-block`-இன் விரிந்த வடிவம் `inline flow-root`. முதற்சொல் வெளியில் எப்படி நிற்கிறது என்பது, இரண்டாவது உள்ளே எப்படி அடுக்குகிறது என்பது. கல்லுக்கு உள்ளே ஒன்றும் இல்லையே அண்ணை.

மானிப்பாய் அண்ணை:

ஓட்டைக் கல்லும் இருக்கிறது.

கொக்குவில் தம்பி:

இப்போதைக்கு என் குறிப்பில் தனிநிரை, வரியோடி, வரியமர் பெட்டி என்று போட்டு, அடைப்புக்குள் வரிக்கல் என்றும் எழுதிவைக்கிறேன்.

இன்னொன்று. நான்கு பெட்டிக்கும் `width: 25%`, மார்ஜினும் பாடிங்கும் 0 என்று மாற்றினேன். நாலாவது பெட்டி கீழே விழுகிறது. கூட்டினால் சரியாக 100 தானே?

திருநெல்வேலி அக்கா:

கோட்டில் `<a>`-க்களுக்கு இடையே எண்டர் தட்டியிருப்பீர்கள். அது ஓர் இடைவெளி எழுத்தாக வரியில் நிற்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நிற்பதுபோல. மூன்று இடைவெளி கூடிவிட்டது. ஒட்டி எழுதிப் பாருங்கள். அல்லது பெற்றோருக்கு `display: flex` கொடுங்கள், அங்கே அந்த இடைவெளி மறைந்துவிடும். ஆனால் அப்போது அவை வரியமர் பெட்டிகளாகவே இருக்கமாட்டா.

மானிப்பாய் அண்ணை:

அதற்கு ஒரு புது இழை திறவுங்கோ. flex-க்கு என்னிடம் மூன்று சொல் இருக்கிறது.